அனுப்புவதற்கு முன் மெயிலை எப்படிச் சரிபார்ப்பது? ஐந்து வழிகள், ஒரே மெயிலில்

மெயிலை எழுதி முடித்தபின் அதைச் சரிபார்க்க ஐந்து வழிகள் பொதுவாகப் புழக்கத்தில் இருக்கின்றன. மேலிருந்து கீழே ஒருமுறை படித்துவிட்டு அனுப்புவது ஒன்று. இணைப்பு, எண்கள், பெயர், தொனி, பெறுநர் என்று பிரித்துத் தனித்தனியாகப் பார்ப்பது இரண்டாவது. அனுப்பிய மெயில் சிறிது நேரம் கழித்தே வெளியே போகும்படி அமைத்து வைப்பது மூன்றாவது. இன்னொருவரிடம் காட்டுவது நான்காவது. மென்பொருள் தரும் எச்சரிக்கைகளை நம்புவது ஐந்தாவது. இவற்றில் எதைப் பழக்கமாக வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. எது நல்லது என்று பொதுவாகப் பேசினால் ஐந்துமே நல்லதாகத்தான் தெரியும். அதனால் குறைகள் உள்ள ஒரு மெயிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியும் அதில் எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது என்று பார்ப்போம்.

நாற்காலிகள் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து, அவற்றை வாங்கும் அலுவலகத்துக்குப் போகவேண்டிய மெயில் இது. மெயில் யாருக்குப் போகவேண்டுமோ அவர் பெயர் ரேவதி.

> மதிப்பிற்குரிய ரோகிணி மேடம்,
>
> ஏற்கெனவே இரண்டு முறை தெரிவித்தபடி, 120 நாற்காலிகளையும் மூன்று தவணைகளில் அனுப்புகிறோம். முதல் தவணை 45, இரண்டாவது 45, மூன்றாவது 40. முதல் லோடு 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்து சேரும். முழு அட்டவணையை இத்துடன் இணைத்துள்ளேன். இன்றே ஒப்புதல் அனுப்பவும். இல்லையென்றால் தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல.

இதில் ஏழு குறைகள் இருக்கின்றன. வேறொரு வாடிக்கையாளருக்கு எழுதிய மெயிலை நகலெடுத்து மாற்றியதால் விளிப்பில் பழைய பெயர் நின்றுவிட்டது. 45, 45, 40 கூட்டினால் 130 வருகிறது. அந்த மாதம் 14ஆம் தேதி வியாழக்கிழமை. முதல் வரியும் கடைசி வரியும் குற்றம் சாட்டுவது போல இருக்கின்றன. இதை ஒரே குறையாகக் கணக்கில் வைக்கிறேன். இணைத்திருப்பது Delivery_v2.xlsx என்ற பழைய கோப்பு, அனுப்பவேண்டியது Delivery_v3.xlsx. அந்த விரிதாளின் இரண்டாவது தாளில் மற்ற வாடிக்கையாளர்களுக்கு எந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. கடைசியாக, பெறுநர் கட்டத்தில் ‘ரேவ’ என்று தட்டியதும் தானாக வந்து உட்கார்ந்தவர் வேறொரு நிறுவனத்தில் இருக்கும் இன்னொரு ரேவதி.

ஒருமுறை படித்துப் பார்ப்பது

பெரும்பாலோர் செய்வது இதைத்தான். இந்த மெயிலை எழுதியவரே உடனே படித்தால் என்ன பிடிபடும்? எழுத்துப்பிழை இருந்தால் தெரியும், விட்டுப்போன சொல் தெரியும், ஒருவேளை கடைசி வரி கொஞ்சம் காட்டமாக இருப்பது உறுத்தும். மற்ற ஆறும் தப்பிவிடும்.

காரணம் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. எழுதியவர் படிக்கும்போது கண் திரையில் இருந்தாலும், என்ன எழுத நினைத்தோம் என்பது மனதில் ஏற்கெனவே இருக்கிறது. மனம் அதைத்தான் படிக்கிறது. ரோகிணி என்ற பெயரில் தவறு எதுவும் இல்லை. அது இன்னொருவருடைய பெயர் என்பது மட்டும்தான் தவறு. 45, 45, 40 என்று படித்துக்கொண்டு போகிறவர் கூட்டிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் வாக்கியம் சரளமாக இருக்கிறது. இணைப்பின் பெயர் மெயிலுக்கு அடியில் சின்னதாக இருக்கும், அதில் v2, v3 என்ற ஓரெழுத்து வித்தியாசம் கண்ணில் படாது. பெறுநர் கட்டம் மேலே இருக்கிறது. படிப்பவர் விளிப்பிலிருந்துதான் தொடங்குகிறார்.

இந்த வழியைக் கொஞ்சம் பலப்படுத்தலாம். வாய்விட்டுப் படித்தால் நீளமான வாக்கியமும் கடுமையான சொல்லும் நாக்கில் இடறும். மெயிலை முதலில் நமக்கே அனுப்பி, வேறு திரையில், அதாவது கணினியில் எழுதியதைப் போனில் திறந்து படித்தால் வரிகள் வேறு இடத்தில் உடையும், கண்ணுக்குப் புதிதாக இருக்கும். இதில் இன்னொரு லாபம், இணைப்பும் பெறுபவருக்கு எப்படித் திறக்குமோ அப்படியே நமக்கும் திறக்கும். ஆனால் இப்படிச் சோதித்துவிட்டு அந்த மெயிலையே மேற்கொண்டு அனுப்பக்கூடாது. பொருள் வரியில் ‘Fwd’ ஒட்டிக்கொண்டு போகும். முதல் டிராஃப்டை நகலெடுத்து வைத்திருந்து அதிலிருந்துதான் அனுப்பவேண்டும்.

பகுதி பகுதியாகப் பார்ப்பது

எனக்கு நம்பிக்கை உள்ள வழி இதுதான், அதனால் இதைப் பற்றி அதிகம் சொல்லப் போகிறேன். கருத்து எளிது: ஒரு நேரத்தில் ஒரு வகைக் குறையை மட்டும் தேடுவது. எண்களைப் பார்க்கும்போது தொனியைப் பற்றி யோசிக்கக்கூடாது. பெயரைப் பார்க்கும்போது இணைப்பைத் திறக்கக்கூடாது. வரிசையும் முக்கியம். இணைப்பில் தொடங்கி, எண்கள், பெயர், தொனி என்று போய், பெறுநரில் முடிப்பது நல்லது. இணைப்பு முதலில் வருவதற்குக் காரணம், மெயிலில் உள்ள எண்களை எதோடு ஒப்பிடவேண்டுமோ அது அதற்குள்தான் இருக்கிறது. பெறுநர் கடைசியில் வருவதற்குக் காரணம், அந்தக் கட்டம் காலியாக இருக்கும் வரை மெயில் தவறிப் போக வழியே இல்லை. அனுப்பும் பொத்தானில் கை பட்டாலும் பெறுநர் யார் என்று கேட்டு நின்றுவிடும்.

இணைப்பில் பார்க்கவேண்டியது மூன்று. இருக்கிறதா, சரியான கோப்பா, அதற்குள் வேறு ஏதாவது இருக்கிறதா. முதல் கேள்விக்கு ஒரு பழக்கம் போதும்: ‘இணைத்துள்ளேன்’ என்று எழுதப்போகும் கணத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, கோப்பை இணைத்த பிறகு அந்தச் சொல்லை எழுதுவது.

சரியான கோப்பா என்பதைக் கோப்பின் பெயரை வைத்து முடிவு செய்யக்கூடாது. டிராஃப்டில் இணைந்திருக்கும் கோப்பையே சொடுக்கித் திறந்து பார்க்கவேண்டும். நம் கணினியின் ஃபோல்டரில் இருப்பதைத் திறந்து பார்த்தால் போதாது, ஏனென்றால் இணைத்த நொடியில் அதன் ஒரு நகல் மெயிலுக்குள் போய்விடுகிறது. அதன்பிறகு ஃபோல்டரில் உள்ள கோப்பை எத்தனை திருத்தம் செய்து சேமித்தாலும் மெயிலில் இருப்பது பழையதுதான். பழைய அட்டவணை போய்ச் சேருவதற்கு மிகப் பெரிய காரணம் இது. காலையில் இணைத்துவிட்டு, மதியம் ஒரு எண்ணை மாற்றிவிட்டு, மாலையில் அனுப்புகிறார்கள்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற இடங்களிலிருந்து சுட்டியாக அனுப்பினால் இதற்கு நேர் எதிரான பிரச்சினை வரும். நாம் திருத்துவதெல்லாம் உடனே அவர்களுக்கும் தெரியும், நாம் இன்னும் முடிவு செய்யாத எண்களும்கூட. திறக்க அனுமதி இல்லாமலும் போகலாம். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு தானாகவே டிரைவ் சுட்டியாக மாறிவிடுகிறது, அதனால் பெரிய கோப்பு அனுப்புகிறவர்கள் இதை எதிர்பார்க்கவேண்டும். சரிபார்க்க எளிய வழி, உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் அந்தச் சுட்டியை ஒட்டிப் பார்ப்பது. எவருக்கும் திறக்கட்டும் என்று வைத்திருந்தால் அங்கே திறக்கவேண்டும். குறிப்பிட்டவருக்கு மட்டும் என்று வைத்திருந்தால் அங்கே நுழைவுப் பக்கம்தான் வரவேண்டும்.

உள்ளே வேறு என்ன இருக்கிறது என்பது விரிதாளுக்கு மிக முக்கியம். எக்செல் கோப்பு, கடைசியாகச் சேமித்தபோது எந்தத் தாள் முன்னால் இருந்ததோ அதிலேயே திறக்கும். மற்ற தாள்கள் கீழே தாவல்களாக இருக்கும், மறைத்து வைத்த தாள்கள் அங்கேயும் தெரியாது. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை ஒரு தகவல் கோரிக்கைக்குப் பதிலாகக் கொடுத்த விரிதாளில், மறைந்திருந்த ஒரு தாளில் அங்கே பணிபுரியும் 9,483 பேரின் விவரங்கள் இருந்தன. கொடுத்தவர்கள் பார்த்த தாளில் பிழை எதுவும் இல்லை. தாவலின் மேல் வலது சொடுக்கு செய்து Unhide என்பது செயல்படுகிறதா என்று பார்த்தால் மறைத்த தாள் இருப்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். File, Info, Check for Issues வழியாகப் போனால் Inspect Document என்று ஒன்று இருக்கிறது, அது மறைந்த தாள், வரிசை, நெடுவரிசை, கருத்துக் குறிப்புகள் எல்லாவற்றையும் தேடிச் சொல்லும். நம் நாற்காலி மெயிலுக்கு இதெல்லாம்கூடத் தேவையில்லை. ரேவதி அந்த அட்டவணையைப் படிக்கத்தான் போகிறார், திருத்தப் போவதில்லை. தேவையான ஒரு தாளை மட்டும் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் விலைப் பட்டியல் வெளியே போக வாய்ப்பே இல்லை.

அடுத்து எண்கள். எண்களைப் படித்துச் சரிபார்க்க முடியாது, திரும்பக் கணக்குப் போட்டுத்தான் சரிபார்க்க முடியும். மொத்தம் இருந்தால் கூட்டுங்கள். சதவீதம் இருந்தால் பெருக்குங்கள். தேதியோடு கிழமை இருந்தால் நாட்காட்டியைத் திறந்து பாருங்கள். நம் மெயிலில் இந்த மூன்றில் இரண்டைச் செய்தாலே இரண்டு குறைகள் வெளியே வந்துவிடுகின்றன: 130 என்ற கூட்டுத்தொகை, வியாழக்கிழமை என்ற கிழமை. 120இல் 45ஐயும் 45ஐயும் கழித்தால் 30 வரவேண்டும், 40 எங்கிருந்து வந்தது என்று v3 அட்டவணையைத் திறந்தால் அதில் 30 என்றே இருக்கிறது. சரி, தட்டும்போது நேர்ந்த பிழை. கிழமைக்கு இது போதாது. தேதி சரியா, கிழமை சரியா என்பதை லாரி ஏற்பாடு செய்தவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். நாமாக வெள்ளியை வியாழன் ஆக்கிவிட்டால், உண்மையில் 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை வரவேண்டிய லோடாக அது இருக்கலாம்.

கணக்குப் பார்ப்பவர்களிடம் பழக்கத்தில் உள்ள ஒரு சின்ன உத்தி இங்கே உதவும். வரவேண்டிய தொகைக்கும் வந்த தொகைக்கும் உள்ள வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும் என்று முதலில் சந்தேகப்படலாம். 54க்குப் பதில் 45 என்று தட்டினால் 9 குறையும், 540க்குப் பதில் 450 என்றால் 90 குறையும். நம் மெயிலில் வித்தியாசம் 10. அது 9ஆல் வகுபடாது, எனவே இலக்கம் இடம் மாறியதால் வந்ததல்ல என்று உடனே ஒதுக்கிவிடலாம்.

பெயரைப் பார்ப்பது வேகமான வேலை. பெறுபவர் தன் பெயரைத் தானே எப்படி எழுதுகிறார் என்பதே சரியான எழுத்து. அவருடைய கடைசி மெயிலின் கையொப்பத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிவிட்டால் போதும். நினைவிலிருந்து தட்டவேண்டாம். பழைய மெயிலிலிருந்து உருவாக்கிய மெயிலாக இருந்தால், பழைய வாடிக்கையாளரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் Ctrl+F கொடுத்துத் தேடுங்கள். விளிப்பை மாற்றியவர்கள்கூட நான்காவது பத்தியில் ‘உங்கள் நிறுவனத்தின்’ என்பதற்குப் பதில் பழைய பெயரை விட்டுவைத்திருப்பார்கள். பொருள் வரியையும் கோப்பின் பெயரையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

தொனிக்கு முழு மெயிலையும் அலசவேண்டியதில்லை. எரிச்சல் பெரும்பாலும் முதல் வரியிலும் கடைசி வரியிலும்தான் கசியும். ‘ஏற்கெனவே இரண்டு முறை தெரிவித்தபடி’ என்று எழுதுகிறவர் ஒரு தகவலைச் சொல்வதாக நினைக்கிறார். படிப்பவருக்கு ‘நீங்கள் கவனிக்கவில்லை’ என்று கேட்கிறது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் வாக்கியத்துக்கு எந்த இழப்பும் இல்லை: ‘120 நாற்காலிகளும் மூன்று தவணைகளில் வந்து சேரும்.’ கடைசி வரியில் உண்மையான ஒரு செய்தி இருக்கிறது, ஒப்புதல் தாமதமானால் தேதி தள்ளிப்போகும் என்பது. அதை மிரட்டலாகச் சொல்லாமல் காரணத்தோடு சொல்லலாம்: ‘லாரியை முன்பதிவு செய்யவேண்டியிருப்பதால், செவ்வாய் மாலைக்குள் உங்கள் ஒப்புதல் கிடைத்தால் முதல் தவணை குறித்த நாளில் வந்துவிடும். அதற்குப் பிறகு என்றால் தேதியை மாற்றவேண்டியிருக்கும்.’ செய்தி அதேதான், கறாரும் குறையவில்லை. ‘இன்றே’ என்ற சொல் போய், ஒரு நாளும் நேரமும் வந்ததால் அவருக்கும் திட்டமிட வசதி.

கடைசியாகப் பெறுநர். தானாக நிரப்பும் வசதி நாம் அடிக்கடி மெயில் அனுப்பியவர்களையே முன்னால் காட்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், சரியானவர் என்பதைவிடப் பழக்கமானவர் வந்து நிற்பார். 2014 நவம்பரில் பிரிஸ்பேனில் நடந்த ஜி20 மாநாட்டுக்கு வந்த தலைவர்கள் 31 பேரின் பாஸ்போர்ட் விவரங்கள், ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் ஏற்பாட்டாளர்களுக்குப் போனது இப்படித்தான். ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறையின் அதிகாரி ஒருவர், தானாக நிரம்பிய முகவரியைச் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டார். எனவே பெயரைப் பார்த்து நிறுத்திவிடாமல், அதன்மேல் மவுஸைக் கொண்டுபோய் முழு முகவரியையும், குறிப்பாக @ குறிக்குப் பின்னால் வருவதையும் பாருங்கள். நம் மெயிலில் இருந்த தவறான ரேவதி அங்கேதான் பிடிபடுவார். பிடிபட்டதும் பட்டியலிலிருந்து அந்தப் பழைய முகவரியை நீக்கிவிட்டால் அடுத்த முறையும் அவர் வந்து நிற்கமாட்டார்.

பதில் மெயிலாக இருந்தால் பெறுநர் கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அப்போது எல்லா முகவரிகளையும் நீக்கிவிட்டு, எழுதி முடித்தபின் ஒவ்வொருவராகச் சேர்ப்பது கொஞ்சம் அதிக வேலைதான். ஆனால் நகல் பட்டியலில் நீண்ட நாட்களுக்கு முன் யாரோ சேர்த்த ஒருவர் இன்னும் இருக்கிறாரா என்பது அப்போதுதான் தெரியும். குழு முகவரி இருந்தால், அவுட்லுக்கில் அதன் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி விரித்துப் பாருங்கள்.

பலருக்கு ஒரே மெயில் அனுப்பும்போது ஒரு கேள்வி கூடுதலாக வருகிறது: இவர்கள் ஒருவர் முகவரியை இன்னொருவர் பார்க்கலாமா? 2021 செப்டம்பரில் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம், ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறத் தகுதி பெற்ற 245 பேருக்கு அனுப்பிய மெயிலில் எல்லா முகவரிகளும் பெறுநர் கட்டத்திலேயே இருந்தன. இரண்டு பேர் எல்லோருக்குமாகப் பதில் போட்டார்கள், அதில் ஒருவர் தான் இருக்கும் இடத்தையே சொல்லிவிட்டார். அந்த நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2023 டிசம்பரில் 3,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. பிசிசி கட்டத்தில் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் இவ்வளவு பெரிய விளைவு உள்ள பட்டியலுக்குப் பிசிசியே போதாது என்பேன். தவறான கட்டத்தில் ஒருமுறை ஒட்டிவிட்டாலே எல்லாம் வெளியே போய்விடும். ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனி மெயில் அனுப்பும் வசதியை, மெயில் மெர்ஜ் போன்றதை, பயன்படுத்துவதே சரி.

ஆக, பகுதி பகுதியாகப் பார்த்தால் ஏழு குறைகளும் வெளியே வருகின்றன. செலவு? இந்த அளவுள்ள மெயிலுக்கு ஐந்து நிமிடம் ஆகலாம், அதில் பாதி இணைப்பைத் திறந்து பார்ப்பதற்கே போகும். தினமும் போடும் எல்லா மெயிலுக்கும் இதைச் செய்ய யாராலும் முடியாது.

தாமதமாக அனுப்புவது

ஜிமெயிலில் Undo Send என்ற வசதிக்கு 5, 10, 20, 30 நொடி என்று நான்கு தெரிவுகள் இருக்கின்றன. அமைப்புகளில் போய் 30க்கு மாற்றி வைப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்கில் எல்லா மெயிலையும் குறிப்பிட்ட நிமிடங்கள் நிறுத்தி வைக்க ஒரு விதி எழுதலாம், 120 நிமிடம் வரை. ஆனால் அதுவரை அவுட்லுக் திறந்தே இருக்கவேண்டும். நேரம் குறித்து அனுப்பும் வசதியும் இதே பயனைத் தரும். குறித்த நேரம் வரும் வரை ரத்து செய்து டிராஃப்டுக்குத் திரும்பக் கொண்டுவரலாம்.

இந்த வழி எந்தக் குறையைப் பிடிக்கும் என்பதைக் கவனித்தால் இதன் எல்லை புரியும். பொத்தானை அழுத்தியதும் ‘ஐயோ’ என்று தோன்றுவது, இணைப்பை மறந்துவிட்டது, தவறான ஆளின் பெயர் கண்ணில் பட்டது, இவை மாதிரியானவை. 30 நொடிக்குள் யாரும் 45ஐயும் 45ஐயும் 40ஐயும் கூட்டிப் பார்க்கப் போவதில்லை. பழைய கோப்பு என்பதும் தெரியப் போவதில்லை. நீண்ட தாமதம் வைத்தால் தொனிக்கு அது நல்லது: கோபத்தில் எழுதிய மெயிலை ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எழுதியவரே திருத்திவிடுவார். தாமதம் தானாக எதையும் சரிபார்க்காது, திரும்பிப் பார்க்க அவகாசம் தரும், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் போய்ப் பார்க்கிறவருக்கே பயன்.

அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெறும் அவுட்லுக்கின் Recall வசதியை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம். ஒரே நிறுவனத்துக்குள் போன மெயிலுக்குத்தான் அது. வெளியில் இருக்கும் ரேவதிக்குப் போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொருவரிடம் காட்டுவது

இது தொனிக்கு ஈடு இணையில்லாத வழி. எழுதியவர் காதில் சாதாரணமாக ஒலிப்பது படிப்பவர் காதில் எப்படி விழுகிறது என்பதை இன்னொரு மனிதரால்தான் சொல்ல முடியும். எண்களுக்கும் நல்லது, அவர் உண்மையிலேயே கூட்டிப் பார்த்தால்.

நடைமுறையில் எங்கே ஓட்டை விழுகிறது என்றால், நாம் மெயிலின் உடலை மட்டும் நகலெடுத்து அரட்டைச் செயலியில் ஒட்டி ‘கொஞ்சம் பாருங்க’ என்கிறோம். பார்ப்பவருக்குப் பெறுநர் கட்டமும் தெரியாது, இணைப்பும் தெரியாது. ‘நல்லா இருக்கு’ என்று பதில் வரும். அது உண்மையும்கூட, அவர் பார்த்த அளவுக்கு. அதற்குள் எழுதியவரோ, இன்னொருவர் பார்த்துவிட்டார் என்ற தைரியத்தில் தன் பங்குக்குப் பார்ப்பதை விட்டுவிடுகிறார். நம் மெயிலின் ஏழு குறைகளில், விலைப் பட்டியல் உள்ள தாள், பழைய கோப்பு, தவறான ரேவதி ஆகிய மூன்று கனமான குறைகளும் இந்த வழியில் தப்பிவிடும். எனவே காட்டுவதானால் டிராஃப்டை உங்கள் திரையிலேயே காட்டுங்கள், கேள்வியையும் குறிப்பாகக் கேளுங்கள்: ‘இந்த மூன்று எண்ணையும் கூட்டி 120 வருதான்னு சொல்லுங்க, கடைசி வரி அவங்களுக்கு எப்படிப் படும்னு சொல்லுங்க.’ பொதுவாகப் பார்க்கச் சொன்னால் எழுத்துப்பிழையைத்தான் தேடிக் கொடுப்பார்கள்.

மென்பொருளின் எச்சரிக்கை

எழுத்துத் திருத்தி சொல்லின் எழுத்தைப் பார்க்கும், சொல் யாரைக் குறிக்கிறது என்று பார்க்காது. ரோகிணியை அது தொடப் போவதில்லை. இணைப்பை மறந்தால் நினைவூட்டும் வசதி, மெயிலின் உடலில் உள்ள சொற்களை வைத்து வேலை செய்கிறது. தமிழில் ‘இணைத்துள்ளேன்’ என்று எழுதினால் அது விழித்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கவேண்டாம். ஏதாவது ஒரு கோப்பு இணைந்திருந்தால் போதும், அது தவறான கோப்பாக இருந்தாலும் பேசாமல் இருக்கும். பெறுபவர் நம் நிறுவனத்துக்கு வெளியே இருக்கிறார் என்று சில அலுவலகங்களில் ஒரு பட்டை தோன்றும். உள்ளே மட்டும் போகவேண்டிய மெயிலுக்கு அது பெரிய உதவி. இரண்டு ரேவதிகளுமே வெளியாட்கள் என்பதால் இங்கே அதனால் பயனில்லை. ஏழில் ஒன்றுகூடப் பிடிபடாத வழி இது மட்டும்தான். இலவசமாகக் கிடைப்பதால் எல்லாவற்றையும் போட்டு வைக்கலாம், எச்சரிக்கை வரவில்லை என்பதை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

எந்த மெயிலுக்கு எது

என் முடிவு இது. ஜிமெயில் என்றால் 30 நொடித் தாமதம் எல்லா மெயிலுக்கும் நிரந்தரமாக இருக்கட்டும். ஒரு தடவை அமைத்தால் போதும், மறுபடி அதைப் பற்றி யோசிக்கவேண்டியதில்லை. சக ஊழியருக்கு ‘கூட்டம் நான்கு மணிக்கு’ என்று போடும் மெயிலை ஒருமுறை படித்துவிட்டு, நேரத்தையும் முகவரியையும் பார்த்து அனுப்பலாம்.

மெயிலில் இணைப்பு, எண், வெளியாள் ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டு இருந்தால் பகுதி பகுதியாகப் பார்க்கும் வழிக்குப் போய்விடுங்கள். நாற்காலி மெயிலில் மூன்றுமே இருக்கிறது. மெயில் யாரையாவது மறுக்கிறது, குறை சொல்கிறது, பாக்கியைக் கேட்கிறது என்றால் அதோடு இன்னொருவரின் பார்வையையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். காட்ட ஆள் இல்லை என்றால் அடுத்த நாள் காலைக்கு நேரம் குறித்து வைத்துவிட்டு, போவதற்கு முன் எழுந்து படியுங்கள். நேரமே இல்லாத அவசரத்தில் ஐந்தில் இரண்டைத்தான் பார்க்க முடியும் என்றால், இணைப்பையும் பெறுநரையும் பாருங்கள். பெயரில் தவறு நேர்ந்தால் மன்னிப்புக் கேட்டுவிடலாம், எண்ணில் நேர்ந்தால் திருத்தம் அனுப்பலாம். தவறான ஆளிடம் போன விலைப் பட்டியலைத் திரும்ப வாங்க முடியாது.

இதில் ஒன்று விட்டுப்போகக்கூடாது. எல்லாம் பார்த்து முடித்தபின் கடைசி நிமிடத்தில் ஒரு மாற்றம் வரும். லாரிக்காரர் கூப்பிட்டு ‘15ஆம் தேதிதான் வரமுடியும்’ என்பார். மெயிலில் தேதியைத் திருத்திவிட்டு அனுப்பினால், இணைப்பில் 14 என்றே இருக்கும். மாற்றம் எந்தப் பகுதியில் வந்ததோ அதையும், அந்த எண் வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அதையும் மறுபடி பார்க்கவேண்டும். அட்டவணையில் தேதியை மாற்றிச் சேமித்து, மறுபடி பிடிஎஃப் எடுத்து, பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்த்து, டிராஃப்டிலிருந்தே திறந்து 15 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு ரேவதியின் முகவரியைப் போடுங்கள்.